அக்கா கல்யாண ரிசப்ஷனில் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுவது

கேள்வி: பெரியப்பா மகளுக்கு, அதாவது எனக்கு அக்காவுக்கு, கல்யாணம். மாப்பிள்ளை புனேக்காரர், மராட்டி பேசும் குடும்பம், அவர்கள் யாருக்கும் தமிழ் தெரியாது. ரிசப்ஷனில் என்னைப் பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். முன்வரிசையில் பாட்டி, பெரியப்பா, மாமாக்கள், அத்தைகள் எல்லாரும் இருப்பார்கள். அவர்களும் சிரிக்க வேண்டும், யாரும் முகம் சுளிக்கக் கூடாது. என்னிடம் இருப்பது ஒரு சம்பவம்தான். அக்கா விஷயத்தைச் சொன்னதும் பெரியப்பா மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. பிறகு போனில் மாப்பிள்ளையிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி, 'காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?' அவர் ஆறரை என்றார். பெரியப்பா 'லேட்டு' என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார். மறுநாள் காலை ஐந்தரைக்கு மாப்பிள்ளையிடமிருந்து குட் மார்னிங் மெசேஜ் வந்தது. பெரியப்பா அனுப்பிய பதில், 'காபி ஆச்சா?' இதை மேடையில் சொல்லலாமா? எப்படிச் சொல்வது?

பதில்:

தாராளமாகச் சொல்லலாம், மூன்று நாள் மௌனத்தை மட்டும் எடுத்துவிட்டு. உங்களுக்கு அது சுவையான தொடக்கமாகத் தெரியும். ஆனால் சம்பந்தி வீட்டாருக்கு அதில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: நம் பையனை இவர்கள் முதலில் விரும்பவில்லை. உறவினர்களுக்கோ, வீட்டுக்குள் நடந்த மனத்தாங்கலை மைக்கில் கேட்ட மாதிரி இருக்கும். அதை நீக்கினாலும் கதைக்கு ஒரு குறையும் வராது. கேள்வியும் 'லேட்டு'ம் 'காபி ஆச்சா'வும் போதும். மூன்றையும் வைத்து நாலு நிமிடம் பேசிவிடலாம், அதற்கு மேல் பேசவும் வேண்டாம்.

இரண்டு மொழியில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தமிழில் ஒரு பத்தி சொல்லி, அதையே ஆங்கிலத்தில் திரும்பச் சொல்வார்கள். நகைச்சுவைக்கு இது ஆகவே ஆகாது. முதல் தடவை பாதி சபை சிரிக்கும், மறுபாதி விழிக்கும். இரண்டாம் தடவை சிரிக்க வேண்டியவர்களுக்கு, ஏற்கெனவே சிரித்தவர்களின் முகத்தைப் பார்த்தே விஷயம் ஆறிப்போயிருக்கும். இன்னொன்றும் உண்டு. உருக்கமான வரி ஒன்று புரியாமல் போனால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள், பத்து வினாடி பொறுமையாக உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்து வரிசை சிரித்துத் தமக்குப் புரியவில்லை என்றால்தான், நம்மைப் பற்றி ஏதோ சொல்கிறார்களோ என்று தோன்றும். பெண் வீடு, மாப்பிள்ளை வீடு என்று இருபுறமும் பிரிந்து உட்கார்ந்திருக்கும் கூடத்தில் அந்தச் சந்தேகம் வரவே கூடாது.

ஆகவே நான் கடைப்பிடிப்பது இதுதான்: முன்கதையை இரண்டு மொழியிலும் சொல்லுங்கள், சிரிப்பு வரும் சொல்லை ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். அந்தச் சொல் இரு தரப்புக்கும் மொழிபெயர்ப்பு இல்லாமல் புரிய வேண்டும். உங்கள் அதிர்ஷ்டம், பெரியப்பாவே அப்படி இரண்டு சொற்களைத் தந்துவிட்டார். லேட்டு, காபி. இந்த மாதிரிச் சொற்கள் எந்தத் தமிழ் வீட்டிலும் நிறைய உண்டு. பெரியவர்கள் அன்றாடம் புழங்கும் டைம், பில்லு, டென்ஷன், ஆபீஸ் எல்லாம் இந்த வகைதான். தமிழுக்கும் மராட்டிக்கும் பொதுவாக 'மாமா' என்ற உறவே இருக்கிறது, அங்கேயும் தாயின் உடன்பிறந்தவர்தான் மாமா. அவர்கள் கல்யாணத்தில் பெண்ணை மணமேடைக்கு அழைத்து வருவதும் அவர்தான். நம் பக்கம் தாய்மாமனுக்கு இருக்கும் இடம் உங்களுக்கே தெரியும். 'இந்த ஹாலில் மாமா என்று ஒரு தடவை கூப்பிட்டால் இரண்டு பக்கத்திலும் திரும்பிப் பார்ப்பார்கள், எல்லாரும் ஏற்பாடுகள் தன்னால்தான் நடந்தது என்பார்கள்' என்றால் இரு தரப்பு மாமாக்களும் சேர்ந்தே சிரிப்பார்கள். பதினாறு பேறு வைத்து வரும் பழைய நகைச்சுவையை மட்டும் தொடாதீர்கள். எப்படியும் யாராவது ஒரு மாமா மைக்கை வாங்கி அதைச் சொல்லிவிடுவார்.

ஆங்கிலத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அந்தப் பக்கம் முன்வரிசையில் இருக்கும் ஆஜி, ஆஜோபாவுக்கு, அதாவது அவர்கள் பாட்டி தாத்தாவுக்கு, ஆங்கிலமும் வீட்டு மொழி இல்லை. பள்ளியில், அலுவலகத்தில் பழகிய மொழி. அதனால் உங்கள் ஆங்கில வாக்கியம் ஒவ்வொன்றும் ஐந்தாறு சொல்லுக்குள் நிற்க வேண்டும், சொல்வழக்கு விளையாட்டு எதுவும் வேண்டாம். நம் பாட்டிக்கும் அதில் பாதி புரிந்துவிடும், அது இன்னொரு லாபம்.

இனிப் பெரியவர்களை வைத்துச் சிரிக்க வைப்பது. கதை முடியும்போது பெரியவர் ஜெயித்திருக்க வேண்டும், இதற்கு விலக்கே கிடையாது. உங்கள் சம்பவத்தில் தோற்பது ஆறரை மணிக்காரர், அவர் எப்படியும் மேடையில் சிரித்துக்கொண்டுதான் நிற்பார். பெரியப்பா எதில் பெருமைப்படுகிறாரோ அதைத்தான் எடுத்திருக்கிறீர்கள். அதிகாலையில் எழுவதை அவரே நாலு பேரிடம் சொல்லிக்கொள்வார். காது மந்தம், மறதி, குறட்டை, கைச்செலவில் இறுக்கம் எல்லாம் அப்படி அல்ல. வீட்டுக்குள் எல்லாரும் கேலி செய்வதாகவே இருந்தாலும் சம்பந்திகள் முன்னால் அவை வேறு விஷயமாகிவிடும். பெரியப்பாவின் குரலை மட்டும் மிமிக்ரி செய்யாதீர்கள். 'லேட்டு' என்பதை உங்கள் குரலிலேயே, கொஞ்சம் தாழ்த்தி, நிதானமாகச் சொல்லுங்கள். கேட்கிறவர்கள் அதைப் பெரியப்பா குரலாகத் தாங்களே மாற்றிக்கொள்வார்கள். முன்கூட்டியே பெரியம்மாவிடம் கதையைச் சொல்லி வைத்துவிடுங்கள். பெரியப்பாவிடம் நேரே அனுமதி கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார். பெரியம்மா மூலம் காதில் விழுந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார், அதுவே சம்மதம்.

மாப்பிள்ளை வீட்டாரை வைத்து எந்தக் கேலியும் வேண்டாம். அந்த உரிமை உங்களுக்கு இன்னும் வரவில்லை, பத்து வருடம் கழித்து வரும். மாப்பிள்ளையை மட்டும் லேசாகத் தொடலாம், மச்சினன் என்ற முறையில். அதுவும் 'அத்தான்' என்று அழைத்து, 'சொன்னார், வந்தார்' என்ற மரியாதையோடு. உங்கள் வீட்டு வழக்கு மாமா, மச்சான் என்று இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். அக்கா உங்களுக்கு 'கசின்' என்று ஆங்கிலத்தில் சொல்லாதீர்கள். யங்கர் ப்ரதர் என்றே அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். பெரியப்பா காதில் கசின் என்பது ஓர் அடி தள்ளி நிற்பதாக விழும்.

எழுந்திருக்கும் நேரத்தைப் பற்றிய கதையில் ஒரு பள்ளம் இருக்கிறது, கவனியுங்கள். 'நாளைக்குக் காலையில் அத்தான் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார் பார்ப்போம்' என்று ஒரு வரி நாக்கு நுனியில் வந்து நிற்கும், நண்பர்கள் கூட்டத்திலிருந்து யாராவது கத்தவும் செய்வார்கள். அந்த ஒரு வரியில் பெரியப்பா தரையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார், மாமாக்கள் உங்கள் அப்பாவைப் பார்ப்பார்கள். கதை நடந்த காலத்திலேயே நிற்கட்டும், நாளைக்குள் போகவே வேண்டாம். நண்பர்கள் கத்தினால் கேட்காத மாதிரி அடுத்த வரிக்குப் போய்விடுங்கள். ஆயுள் தண்டனை, சுதந்திரம் போச்சு என்ற ரகமும் அப்படித்தான். மங்கலச் சபையில் அந்தச் சொற்களே பெரியவர்களுக்கு உறுத்தும். பேச்சின் முடிவில்கூட 'கடைசியாக' என்று சொல்லாமல் 'நிறைவாக' என்று சொல்லுங்கள். தாத்தா இல்லை என்றால், 'அவர் இருந்து பார்த்திருந்தால்' என்ற வரியை பாட்டியைக் கேட்காமல் சேர்க்காதீர்கள்.

பேச்சைக் கீழே எழுதியிருக்கிறேன். ஆங்கில வரிகளும் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன. கையில் வைக்கும் தாளிலும் அப்படியே எழுதிக்கொண்டால், மொழி மாறும் இடத்தில் கண் தடுமாறாது.

"பாட்டி, பெரியப்பா, பெரியம்மா, வந்திருக்கிற பெரியவங்க எல்லாருக்கும் வணக்கம். ஆஜி, ஆஜோபா, நமஸ்கார். குட் ஈவினிங், எவ்ரிஒன்.

நான் பொண்ணுக்குத் தம்பி. ஐ ஆம் ஹர் யங்கர் ப்ரதர். எங்க வீட்டுப் பிள்ளைங்கள்ல அக்காதான் மூத்தவ. யார் எங்க உக்காரணும், யார் என்ன படிக்கணும், எல்லாம் அவதான் முடிவு பண்ணுவா. இன் அவர் ஹவுஸ், ஷி டிசைட்ஸ். திஸ் ஷர்ட்? ஷி டிசைடட்.

அக்கா அத்தானைப் பத்திச் சொன்னதும் நான் ஒரு வேலை பண்ணினேன். அவர் எங்க படிச்சார், என்ன வேலை, எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணி வச்சுக்கிட்டேன், பெரியப்பா கேட்டா சொல்லலாம்னு. பெரியப்பா என்கிட்ட ஒண்ணும் கேக்கல. நேரா அத்தானுக்கே போன் போட்டார். மை பெரியப்பா கால்ட் ஹிம். நோ க்வெஸ்சன் அபவுட் டிகிரி. நோ க்வெஸ்சன் அபவுட் சாலரி. ஒன்லி ஒன் க்வெஸ்சன். வாட் டைம் டு யூ வேக் அப்?

அத்தான் பெருமையா சொன்னார், சிக்ஸ் தர்ட்டி.

பெரியப்பா சொன்னார்... லேட்டு.

போனை வச்சுட்டார். ஃபோன் கட்.

மறுநாள் காலையில பெரியப்பா போன்ல ஒரு மெசேஜ். நெக்ஸ்ட் மார்னிங், ஒன் மெசேஜ். குட் மார்னிங், அங்கிள். டைம்? ஃபைவ் தர்ட்டி.

பெரியப்பா அதுக்கு ரெண்டே வார்த்தையில பதில் போட்டார். ஹி ரிப்ளைட், டூ வேர்ட்ஸ். காபி ஆச்சா?

இன் அவர் ஃபேமிலி, தட் மீன்ஸ் எஸ்.

ஆஜி, ஆஜோபா, யூ ரெய்ஸ்ட் ஹிம் ஸோ வெல். ஹி லிசன்ஸ் டு எல்டர்ஸ். நௌ ஹி ஈவன் வேக்ஸ் அப்.

அக்கா, எங்களுக்கெல்லாம் ஜுரம் வந்தா ராத்திரி முழுக்க முழிச்சிருந்து பாத்தது நீதான். இனிமே உன்னைப் பாத்துக்க ஒருத்தர் வந்திருக்கார். அத்தான், வெல்கம் ஹோம்.

நிறைவா ஒண்ணு. எனக்கு இவங்களை வாழ்த்துற வயசு இல்ல. ஐ ஆம் டூ யங் டு ப்ளெஸ் தெம். அதனால பெரியவங்கதான் வாழ்த்தணும். எல்டர்ஸ், ப்ளீஸ் ரெய்ஸ் யுவர் ரைட் ஹேண்ட். எல்லாரும் வலது கையை உயர்த்தி ஆசீர்வாதம் பண்ணுங்க. அக்கா, அத்தான், நமஸ்காரம் பண்ணுங்க."

இதில் சில இடங்களை ஏன் அப்படி எழுதினேன் என்பது தெரிந்தால், உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வசதியாக இருக்கும். தொடக்கத்தில் பாட்டி, பெரியப்பா, பெரியம்மா தவிர யாரையும் தனியாகச் சொல்லவில்லை. மூன்று மாமாக்களில் இருவர் பெயரைச் சொல்லி ஒருவர் விட்டுப்போனால் அது அடுத்த கல்யாணம்வரை பேசப்படும். எல்லாரையும் சொல்ல முயன்றால் அதுவே ஒரு நிமிடம் ஓடிவிடும்.

சட்டை வரி சிறியதுதான், ஆனால் அதுதான் சபையைப் பழக்குகிறது. கையால் சட்டையைத் தொட்டுக் காட்டுங்கள், யாருக்கும் மொழி தேவைப்படாது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் முதல் சிரிப்பு வந்துவிட்டால், அடுத்த கதைக்குக் காது தானாகத் திறக்கும். நிஜமாகவே அக்காவிடம் சட்டையைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிடுங்கள், பொய் சொன்னால் மேடையிலிருந்தே மறுப்பாள்.

'லேட்டு' என்ற சொல்லுக்கு முன்னால் மூச்சு விடும் நேரம் நிறுத்துங்கள். பின்னால் இன்னும் அதிகமாக. இரண்டு மொழிச் சபையில் சிரிப்பு இரண்டு அலையாக வரும். முதலில் புரிந்தவர்கள் சிரிப்பார்கள், பிறகு 'என்ன சொன்னான்?' என்று பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள். இரண்டாவது அலை அடங்கும்முன் பேசினால் அடுத்த வரி யாருக்கும் கேட்காது. கூடத்தில் எதிரொலி இருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். அப்போது பெரியப்பாவைப் பாருங்கள். அவர் சிரித்தால் மொத்தச் சபையும் இன்னொரு தடவை சிரிக்கும். அவர் முகம் இறுகி இருந்தால், 'போனை வச்சுட்டார்' என்ற வரியைத் தாண்டி நேராக மறுநாள் மெசேஜுக்குப் போய்விடுங்கள். அடுத்து வரும் 'காபி ஆச்சா' அவரை மென்மையானவராகக் காட்டிவிடும்.

அந்த இடத்தில்தான் கதையின் உயிரும் இருக்கிறது. 'லேட்டு'டன் நிறுத்தினால் பெரியப்பா கண்டிப்பான மனிதர் என்பதோடு போய்விடும், மாப்பிள்ளை வீட்டார் மரியாதைக்காகச் சிரிப்பார்கள். காபி விசாரித்ததைச் சொன்னதும்தான் அவர் மனம் அவர்களுக்குத் தெரியும். 'தட் மீன்ஸ் எஸ்' என்பதைத் தமிழில் சொல்லவே வேண்டாம். நம்மவர்களுக்கு அது காபி என்ற சொல்லிலேயே விளங்கிவிட்டது, ஆங்கில வரி அந்தப் பக்கத்துக்கானது. நம் பக்கம் ஒரு கணம் முன்னால் சிரிக்கும், அவர்கள் வந்து சேர்ந்துகொள்வார்கள். அக்காவிடம் பேசும் வரிகளுக்கும் ஆங்கிலம் கொடுக்கவில்லை. அந்த இடத்தில் அவள் முகத்தைப் பார்த்தாலே அவர்களுக்கு விஷயம் தெரிந்துவிடும். ஜுரம் பற்றிய வரி என் ஊகம், உங்களுக்கு நடந்த ஒன்றை அங்கே வையுங்கள்.

முடிவில் டம்ளரை உயர்த்தும் வழக்கத்தை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். பழரசம்தான் என்றாலும், டம்ளரை உயர்த்தச் சொன்னதும் பெரியவர்கள் பக்கத்தில் இருப்பவர் கையைப் பார்ப்பார்கள், இதில் என்ன இருக்கிறது என்று. பாதிப் பேரிடம் டம்ளரே இருக்காது. வலது கையை உயர்த்துவது எல்லாருக்கும் முடியும், மூட்டுவலிக்காரர்கள் எழுந்து நிற்கவும் வேண்டாம், ஒரே செயலை இரு குடும்பமும் ஒரே நேரத்தில் செய்யும். வலது என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அக்காவுக்கும் அத்தானுக்கும் மட்டும் இதை முன்பே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் இருவரும் ஆளுக்கொரு திசையில் குனிவார்கள்.

ஒத்திகையை நண்பர்களிடம் பார்க்காதீர்கள், அவர்கள் எதற்கும் சிரிப்பார்கள். குடும்பத்தில் எதையும் குறை சொல்லும் ஓர் அத்தை இருப்பார், அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் ஒரு சொல்லில் புருவத்தைத் தூக்கினால் விவாதிக்காமல் அடித்துவிடுங்கள். பிறகு தமிழ் தெரியாத ஒருவரிடம் வாசித்து, கதையை உங்களுக்கே திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். போன் யார் யாருக்குப் போட்டார் என்பதில் அவர் குழம்பினால், அந்த ஆங்கில வரியை இன்னும் எளிதாக்க வேண்டும்.

நேரத்தையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நம் ரிசப்ஷனில் மேடைமுன் பரிசோடு வரிசை நிற்கும், போட்டோகிராபர் ஒவ்வொரு குடும்பத்தையும் நிறுத்தி எடுத்துக்கொண்டிருப்பார், பின்னால் கச்சேரி ஓடும். வரிசை தொடங்கிய பிறகு மைக்கை வாங்கினால் காத்திருப்பவர்கள் முள்மேல் நிற்பார்கள். முதல் பந்திக்கு ஆள் கூப்பிட்டுவிட்டால் பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள், உங்கள் கதையின் நாயகரே அங்கே பரிமாறலை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருப்பார். ஜோடி மேடைக்கு வந்து உட்கார்ந்த உடனே, வரிசையை விடுவதற்கு முன்னால் உங்கள் நாலு நிமிடம் இருக்கட்டும். போட்டோகிராபரிடமும் கச்சேரிக்காரரிடமும் அன்று மாலையே நேரில் சொல்லிவிடுங்கள். 'லேட்டு' என்னும்போது ஒரு கேமரா பெரியப்பா முகத்தில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.